13,414 வர வேண்டிய இஎம்ஐ 13,843 ஆனது எப்படி?

"அண்ணா, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்காக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 13 சதவீதம், 48 மாதம். ஜனவரி 17 அன்று கணக்கில் 4,88,200 வந்தது. பிப்ரவரி 5 அன்று 3,492 பிடித்தார்கள். மார்ச் 5 முதல் மாதம் 13,843 போகிறது. நான் கணக்குப் போட்டால் 13,414தான் வருகிறது. ஷெட்யூலின் முதல் வரியில் வட்டி 5,590 என்று இருக்கிறது. போன் பண்ணிக் கேட்டால் 'அது சிஸ்டம் போடுற கணக்கு சார்' என்கிறார்கள். எது சரி?"

தம்பி, உங்கள் கணக்கும் சரி, அவர்கள் சிஸ்டம் போட்ட கணக்கும் சரி. இரண்டிலும் ஒரே சூத்திரம்தான் ஓடுகிறது. போட்ட எண்களில் ஒன்று மட்டும் வேறு. உங்கள் கணக்கில் அசல் 5,00,000. அவர்கள் கணக்கில் அசல் 5,16,000. அந்த 16,000 உங்கள் கைக்கு வரவில்லை. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதியிருக்கும் எண்களே மூன்று இடத்தில் அதைச் சொல்கின்றன.

வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடன் கொடுப்பவரின் மென்பொருள் சூத்திரத்தைத் தப்பாகப் போடுவது ரொம்ப அபூர்வம். அசல், வட்டி விகிதம், மாதங்கள், தேதி என்று அதற்குள் என்ன போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் வரும். அதனால் சூத்திரத்தைப் போட்டு "பொருந்தவில்லை" என்று நிறுத்தாமல், அதே சூத்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, எந்த எண் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நேர்க் கணக்கு:

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

P என்பது அசல், r என்பது ஒரு மாத வட்டி விகிதம், n என்பது மொத்த மாதங்கள். ஆண்டுக்கு 13 சதவீதம் என்றால் r = 0.13 ÷ 12 = 0.0108333. இதில் ஒன்றைக் கூட்டி 48 முறை பெருக்கினால் 1.67733 வரும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் அடுக்குப் போடும் பொத்தான் பெரும்பாலும் கிடைக்கும். 5,00,000 × 0.0108333 = 5,416.67. இதை 1.67733 ஆல் பெருக்கி 0.67733 ஆல் வகுத்தால் 13,413.75. ரூபாய்க்கு முழுமையாக்கினால் 13,414.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. r-ஐ 0.0108 என்று சுருக்கிப் போட்டால் விடை பத்து ரூபாய் குறையும், 0.011 என்று போட்டால் ஐம்பது ரூபாய் கூடும். அப்புறம் அந்த வித்தியாசத்துக்காகக் கம்பெனியோடு சண்டை போடுவார்கள். மாத வட்டியைச் சுருக்காதீர்கள். ஷீட்டில் போடுவதாக இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=PMT(13%/12, 48, -500000)
```

இதுவும் 13,413.75 தான் காட்டும்.

இப்போது உங்களிடம் பிடிக்கும் 13,843-க்கு வருவோம். மாதம் 429 ரூபாய் வித்தியாசம். பைசாவை முழு ரூபாயாக்குவதால் வரும் வித்தியாசம் ஒரு ரூபாயைத் தாண்டாது, அதனால் அந்தச் சமாதானம் இங்கே செல்லாது. ஃப்ளாட் ரேட்டாக இருக்குமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஃப்ளாட் ரேட்டில் அசல் குறைவதைக் கணக்கிலேயே எடுக்காமல் 4 வருடத்துக்கும் முழு 5 லட்சத்துக்கு வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 2,60,000 ஆகும், தவணை 15,833 ஆகியிருக்கும். உங்களுடையது அதன் பக்கத்தில்கூட இல்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, வட்டி விகிதம் 13-ஐ விடக் கூடுதல். இல்லையென்றால், அசல் 5 லட்சத்தை விடக் கூடுதல். தவணைத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. 5 லட்சத்துக்குச் சுமார் 14.71 சதவீதம் போட்டாலும் 13,843 வரும், 5,16,000-க்கு 13 சதவீதம் போட்டாலும் அதே 13,843 வரும். அதனால்தான் ஷெட்யூலின் முதல் வரியை நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று.

முதல் வரியில் இருக்கும் வட்டி என்பது முழு அசலுக்கு ஒரு மாத வட்டி. அதில் வேறு எதுவும் கலக்காது. 13 சதவீதம் என்பது சாங்க்ஷன் லெட்டரில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் திருப்பிப் போடுங்கள்: 5,590 × 12 ÷ 0.13 = 5,16,000. ஒரு ரூபாய் கூடக் கூடவோ குறையவோ இல்லை. உங்கள் அசல் 5 லட்சமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் 5,417 என்று இருந்திருக்கும்.

தவணையிலிருந்தும் அதே எண் வருகிறது. வட்டியும் மாதங்களும் மாறாதபோது தவணை அசலுக்கு நேர் விகிதத்தில்தான் ஏறும். 13,843-ஐ 13,413.75 ஆல் வகுத்து 5 லட்சத்தால் பெருக்கினால் 5,16,000 கிடைக்கிறது. இந்த வகுத்தலில் 13,414 என்று முழுமையாக்கிய எண்ணைப் போட்டால் சுமார் பத்து ரூபாய் தள்ளிப் போகும், பைசாவோடு போடுங்கள்.

ஆனால் இந்த இரண்டும் ஒரே ஷெட்யூலிலிருந்து வந்தவை. விகிதத்தை 13.42 ஆக்கி 5 லட்சத்துக்குப் போட்டாலும் முதல் மாத வட்டி 5,590 பக்கம் வந்துவிடும். அப்படியானால் தவணை 13,518-ஐ ஒட்டித்தான் நிற்கும், 13,843-ஐத் தொடாது. அதாவது முதல் வட்டி, தவணை இரண்டும் சேர்ந்து பொருந்துவது 5,16,000, 13 சதவீதம் என்ற ஜோடிக்கு மட்டும்தான்.

மூன்றாவது சாட்சி அந்த 3,492. கடன் ஜனவரி 17 அன்று கைக்கு வந்தது, தவணை எல்லாம் 5-ம் தேதிக்கு. முதல் தவணையான மார்ச் 5, அதற்கு முந்தைய முழு மாதத்துக்கு, அதாவது பிப்ரவரி 5 முதல் மார்ச் 5 வரைக்கும். அப்படியானால் ஜனவரி 17-லிருந்து பிப்ரவரி 5 வரை இருக்கும் 19 நாள் எந்தத் தவணையிலும் சேரவில்லை. அந்தத் துண்டு நாட்களின் வட்டியைத் தனியாக வாங்குவது நியாயமே. 5,16,000 × 0.13 × 19 ÷ 365 = 3,491.84. அவர்கள் பிடித்தது 3,492. அசல் 5 லட்சமாக இருந்திருந்தால் 3,384 தான் வந்திருக்க வேண்டும்.

இந்தத் துண்டு வட்டியில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் கம்பெனி பணம் கொடுத்த நாளிலிருந்துதான் நாட்களை எண்ணியிருக்கிறது. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. கடன் ஒப்புதலான தேதியிலிருந்தே எண்ணுவது, சில நாட்களுக்கு முழு மாத வட்டி வாங்குவது ஆகியவற்றைத் தன் ஆய்வில் பார்த்ததாக ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் எழுதி, அவை நியாயமற்றவை என்று சொல்லியிருக்கிறது. ஜனவரி 12 அன்று ஒப்புதலாகியிருந்து, அன்றிலிருந்து எண்ணியிருந்தால் 24 நாளுக்கு 4,411 பிடித்திருப்பார்கள். முழு மாதமாகப் பிடித்திருந்தால் 5,590. மற்றவர்கள் தங்கள் துண்டு வட்டியை இப்படித்தான் சோதிக்க வேண்டும்: பிடித்த தொகையை ஒரு நாள் வட்டியால் வகுத்து, எத்தனை நாள் வருகிறது என்று காலண்டரில் பார்க்க வேண்டும்.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு வழக்கமும் வருகிறது. முதல் தவணையைக் கடன் கொடுக்கும்போதே முன்கூட்டி வாங்கிக்கொண்டு, வட்டியை மட்டும் முழு அசலுக்குப் போடுவது. பைக் லோன் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அது நடக்கவில்லை, அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

சரி, அந்த 16,000 என்ன? கணக்கு தொகையைத்தான் சொல்லும், அதன் பெயரைச் சொல்லாது. பர்சனல் லோனில் அசலோடு இப்படிச் சேர்வது பெரும்பாலும் கடனோடு கட்டிக் கொடுக்கும் ஆயுள் காப்பீட்டின் பிரீமியம். பிராசசிங் ஃபீஸ் அது இல்லை, ஏனென்றால் அதைத் தனியாகக் கழித்துவிட்டார்கள். 5,00,000-லிருந்து 4,88,200 போனால் 11,800. 5 லட்சத்துக்கு 2 சதவீதம் 10,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. கச்சிதமாகப் பொருந்துகிறது.

உறுதி செய்ய, கடன் எடுத்தபோது வந்த கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள். 2024 அக்டோபர் 1-லிருந்து கொடுக்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மெயிலில் வந்த பிடிஎஃப் கட்டுக்குள் அது நடுவில் எங்காவது இருக்கும். மேலேயே "சாங்க்ஷன்ட் லோன் அமவுண்ட்" என்ற வரி வரும், அங்கே 5,16,000 என்று இருக்க வேண்டும். கொஞ்சம் கீழே கட்டணங்களின் பட்டியல், அதில் கம்பெனிக்குப் போவது தனி, அவர்கள் மூலமாக மூன்றாவது ஆளுக்குப் போவது தனி. காப்பீடு இரண்டாவதில் இருக்கும்.

அதற்கும் கீழே ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். எல்லாச் செலவையும் சேர்த்தால் இந்தக் கடன் உண்மையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதைச் சொல்லும் எண் அது. காப்பீட்டு பிரீமியமும் அதற்குள் சேர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். கையில் வந்தது 4,88,200, கட்டப்போவது 13,843 வீதம் 48 மாதம்:

```
=RATE(48, -13843, 488200)*12
```

இது சுமார் 16.03 சதவீதம் காட்டும். துண்டு வட்டியை இதில் சேர்க்கவில்லை, அது அந்த 19 நாளுக்கான வட்டி மட்டும்தான், அதனால் விகிதம் பெரிதாக மாறாது. கீ ஃபேக்ட்ஸ் தாளில் 16-ஐ ஒட்டி இருந்தால் அவர்கள் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள், நாம் பார்க்காமல் கையெழுத்து போட்டிருக்கிறோம். 14.3 மாதிரி ஒரு எண் இருந்தால் பிராசசிங் ஃபீஸை மட்டும் சேர்த்து, காப்பீட்டை வெளியே விட்டிருக்கிறார்கள். அது கேட்க வேண்டிய கேள்வி. "13 சதவீதம்" என்று ஏஜென்ட் சொன்னதற்கும் இந்த 16-க்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் விகிதத்தை வைத்து ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இப்போது ஷெட்யூல். இஎம்ஐ சரி என்பதால் ஷெட்யூலும் சரி என்று ஆகிவிடாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 48 வரியையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. B-யில் தொடக்க பாக்கி, C-யில் வட்டி, D-யில் அசலுக்குப் போவது, E-யில் முடிவு பாக்கி என்று வையுங்கள்:

```
B2: 516000
C2: =ROUND(B2*13%/12, 0)
D2: =13843-C2
E2: =B2-D2
B3: =E2
```

C2, D2, E2 மூன்றையும் மூன்றாவது வரிக்கு நகல் எடுத்து, பிறகு அந்த மூன்றாவது வரியை முழுசாகக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது. முதல் வரியில் வட்டி 5,590, அசல் 8,253, பாக்கி 5,07,747. இரண்டாவதில் 5,501, 8,342, பாக்கி 4,99,405. அவர்கள் ஷெட்யூலின் முதல் இரண்டு வரி இப்படியே இருந்தால், அடுத்து நேராக 24-வது வரிக்குப் போங்கள். அங்கே பாக்கி 2,91,175 பக்கம் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் எந்த வரியையும் இழுக்காமலே சோதிக்க ஒரு வழி: மிச்சமிருக்கும் தவணைகளை அந்தத் தேதிக்குக் கொண்டுவந்தால் வருவதுதான் பாக்கி.

```
=PV(13%/12, 24, -13843)
```

48 மாதத்தில் பாதி முடிந்தும் அசலில் பாதி கூட அடையவில்லையே என்று பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் பாக்கி பெரிதாக இருப்பதால் வட்டி அதிகம் போகிறது, அசலுக்குக் குறைவாகப் போகிறது. அது ஏமாற்று இல்லை. 24-வது வரியில் பாக்கி இதைவிடச் சில ஆயிரம் கூடுதலாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நடுவில் ஏதோ கட்டணத்தை அசலில் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது ஒரு தவணையைத் தாமதமாக வரவு வைத்திருக்கிறார்கள். கடைசி வரியில் சில ரூபாய் கூடவோ குறையவோ வருவது சகஜம். மாதா மாதம் பைசாவைத் தள்ளியது அங்கே சேர்ந்து நிற்கும், கடைசித் தவணையில் அதைச் சரி செய்வார்கள்.

வேறு கம்பெனியில் கடன் வாங்கியவர்கள் இதைப் படித்துத் தங்கள் ஷெட்யூலைப் பார்க்கும்போது வட்டி மாதா மாதம் ஏறி இறங்குவதைக் கண்டால் பயப்பட வேண்டாம். சிலர் ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுப்பதில்லை, நாள் கணக்கில் போடுவார்கள். 5,16,000-க்கு 28 நாள் மாதத்தில் 5,146, 31 நாள் மாதத்தில் 5,697 வரும். அவர்களுக்கு C2-ல் 13%/12 என்பதற்குப் பதிலாக 13% × நாட்கள் ÷ 365 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுடையது பிப்ரவரியிலும் 5,590 காட்டுவதால் மாதக் கணக்குதான்.

இனி கம்பெனியிடம் என்ன கேட்பது? "இஎம்ஐ தப்பு" என்று எழுதினால் "சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அது உண்மையும்கூட. இப்படி மெயில் போடுங்கள்: சாங்க்ஷன் தொகை 5,16,000 என்று ஷெட்யூலிலிருந்து தெரிகிறது, கைக்கு வந்ததும் பிராசசிங் ஃபீஸும் சேர்ந்து 5,00,000, மிச்சம் 16,000 யாருக்கு, எந்தத் தேதியில் போனது, அதற்கு நான் கொடுத்த ஒப்புதலின் நகலை அனுப்புங்கள். காப்பீடு என்றால் பாலிசிச் சான்றிதழையும் கேளுங்கள். கீ ஃபேக்ட்ஸ் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வாங்கக் கூடாது என்பதும் விதிதான். ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓடிபி கொடுத்து டிக் அடித்திருந்தால் அதையே ஒப்புதல் என்று காட்டுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

காப்பீடு வேண்டாம் என்றால், பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் காலம் எவ்வளவு என்று சான்றிதழில் பாருங்கள். அது பாலிசி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், கடன் வாங்கிய நாளிலிருந்து இல்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்களை நம்பி அம்மா அப்பா இருந்தால் காப்பீடு வீண் இல்லை. ஆனால் விலை 16,000 இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். மாதம் 429 வீதம் 48 மாதத்தில் அதற்காக 20,592 கட்டுகிறீர்கள். அதே அளவு காப்பீட்டைத் தனியாக எடுத்தால் என்ன ஆகும் என்று விசாரித்துப் பார்க்கலாம்.

பிரீமியம் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் கடன் கணக்குக்குத்தான் போகும். அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பணம் அசலில் கழிந்ததா, புது ஷெட்யூல் போட்டார்களா என்று பாருங்கள். உதாரணமாக, இரண்டு தவணை கட்டிய கையோடு முழு 16,000-மும் வரவானால் பாக்கி 4,99,405-லிருந்து 4,83,405 ஆக வேண்டும். மாதங்களை மாற்றாமல் தவணையைக் குறைக்கச் சொன்னால் மிச்சம் 46 மாதத்துக்கு 13,399.49 வரும், 13,399 அல்லது 13,400 என்று போடுவார்கள். தவணை 13,843-ஆகவே இருந்தால் மாதங்கள் குறைந்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்காமல் பழைய ஷெட்யூலே ஓடினால், அந்தப் பணம் இன்னும் அசலில் கழியவில்லை என்று அர்த்தம். உடனே எழுதிக் கேளுங்கள்.